ஏற்காடு என்று தேடினால் எது மேலே வருகிறது, எது வருவதே இல்லை

சேலத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் நிலவியல், நிலத்தடி நீர், தாவரவியல் என்று ஆய்வு செய்கிற பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் என்னிடம் வருவார்கள். லிட்டரேச்சர் சர்வே செய்ய உட்கார்ந்து உதவுவேன். நான் நிலவியல் படித்தவன், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் கல்லும் கிணறுமாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கூகுள் ஸ்காலரில் முதலில் வருவதுதான் நல்ல பேப்பர் என்று எடுத்துக்கொள்ளலாமா சார்?

எடுத்துக்கொள்ளக் கூடாது. பலர் ஏற்கெனவே பார்த்த பேப்பர் அது என்று மட்டும் சொல்லலாம்.

கூகுள் ஸ்காலர் 2004 நவம்பரில் வந்தது. அனுராக் ஆச்சார்யாவும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும் தொடங்கியது. வரிசைப்படுத்த எதையெல்லாம் பார்க்கிறோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்: கட்டுரையின் முழு உரை, அது எங்கே வெளிவந்தது, யார் எழுதியது, மற்றவர்கள் அதை எத்தனை முறை, எவ்வளவு அண்மையில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எதற்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் வெளியிடவில்லை. ஜோரன் பீல், பேலா கிப் என்ற இருவர் நிறைய தேடல்களை ஓட்டிப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். மேற்கோள் எண்ணிக்கைக்குத்தான் மிக அதிக எடை என்று அவர்களுக்குத் தெரிந்தது. தேடும் சொல் தலைப்பிலேயே இருந்தாலும் நல்ல பலன் இருந்தது. ஆனால் உள்ளே உரையில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பது பெரிதாக எண்ணப்படவில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு பொதுவான சொல்லைப் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே Cited by என்று ஓர் எண் இருக்கும். தலைப்பைப் பார்க்காமல் அந்த எண்களை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வாருங்கள். முதல் பக்கத்தில் நூறுகளும் ஆயிரங்களும் கிடக்கும். எட்டாவது, பத்தாவது பக்கம் போனால் ஒற்றை இலக்கம்தான்.

எல்லாத் தேடுபொறியும் இப்படி இல்லை. மருத்துவத்துக்கான பப்மெட், முதலில் சொற்பொருத்தம் பார்த்து ஒரு பட்டியல் எடுக்கும். அதில் மேலே உள்ள 500 கட்டுரைகளை மட்டும், பழைய பயனர்கள் எதைச் சொடுக்கினார்கள் என்பதிலிருந்து கற்ற ஒரு முறையால் மறுபடி அடுக்கும். அங்கேயும் கூட்டம் போன வழிதான் பாதையாகிறது. ஆனால் பாதை வேறு.

மேற்கோள் அதிகம் என்றால் பலர் படித்து ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? அதில் என்ன தப்பு?

ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அந்த எண்ணில் எந்த ஆதாரமும் இல்லை. திட்டி எழுதினாலும் மேற்கோள் ஒன்றுதான். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று எண்ணவைத்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் லான்செட்டில் வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அது தவறு என்று எழுதியவர்களும் அதை மேற்கோள் காட்டித்தானே எழுத வேண்டும்? திரும்பப் பெற்றதால் எண் குறையாது, ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம், இது தன்னைத் தானே ஊதிப் பெருக்குகிற எண். மேலே இருப்பதைத்தான் மாணவர் பார்க்கிறார், பார்த்ததைத்தான் மேற்கோள் காட்டுகிறார், அதனால் அது இன்னும் மேலே போகிறது. பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, அதேதான். சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் புகழ் பெற்ற அறிஞர்களுக்கே மேலும் புகழ் சேர்வதை 1968-லேயே எழுதிவிட்டார். அன்று அது மனிதர்களின் பழக்கமாக இருந்தது. இன்று அந்தப் பழக்கமே தேடல் பெட்டிக்குள் எந்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. சேர்வராயன் மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சாலையோரம் வெட்டிய பாறை கருநீலமாக, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். அது சார்னோகைட். அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையில் செய்தது என்பதால் அப்படிப் பெயர் வைத்தார். 1900-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மெமாயர்ஸ் தொகுப்பில் அதைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று சார்னோகைட் என்று எழுதுகிற எல்லோரும் ஹாலண்டை மேற்கோள் காட்டுவதில்லை. பெயர் பொதுச்சொத்தாகிவிட்டது, யாரும் கேட்பதில்லை. ஒரு வேலை அவ்வளவு ஆழமாக ஊறிப்போனால் மேற்கோள் எண்ணிலிருந்து அது நழுவிவிடும்.

எவ்வளவு தூரம் கீழே போகும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

உண்மையான சூத்திரம் வெளியே தெரியாது. அதனால் புரிவதற்காக நானே ஒரு சிறு மாதிரி வைத்திருக்கிறேன். இதில் match எனும் பொருத்தம், உங்கள் கேள்விக்குக் கட்டுரை எவ்வளவு நெருக்கம் என்பது, 0 முதல் 1 வரை. citations என்பது மேற்கோள் எண்ணிக்கை.

```
score = match × (1 + log10(1 + citations))
```

கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு அருகே கிணற்று நீரின் கடினத்தன்மை பற்றி என்னிடம் வரும் ஒரு பெண் ஆய்வு செய்கிறாள். வெள்ளைக்கல் என்றால் மாக்னசைட். அவள் முன்னால் மூன்று கட்டுரைகள் வரலாம். எண்கள் எல்லாம் நான் வைத்தவை.

முதலாவது, உலகம் முழுக்கச் சுரங்கங்களால் நிலத்தடி நீருக்கு என்ன ஆகிறது என்று பேசும் பெரிய மறுஆய்வு. சேலம் பெயரே இல்லை. பொருத்தம் 0.5, மேற்கோள் 999. இரண்டாவது, 2 ஆண்டுகளுக்கு முன் வந்த சேலம் மாவட்டக் கட்டுரை. பொருத்தம் 0.9, மேற்கோள் 9. மூன்றாவது, 1986-ல் ஒரு சிறிய சங்கத்தின் இதழில் வந்த நான்கு பக்கக் குறிப்பு. அவள் பார்க்கிற அதே கிணறுகளின் அன்றைய அளவீடுகள் அதில் இருக்கின்றன. பொருத்தம் 1, மேற்கோள் 0.

கணக்குப் போட்டால் முதலாவதற்கு 0.5 × 4, அதாவது 2.0. இரண்டாவதற்கு 0.9 × 2, அதாவது 1.8. மூன்றாவதற்கு 1 × 1, வெறும் 1.0. சேலத்தைப் பற்றிப் பேசாத கட்டுரை முதலில் நிற்கிறது. அவளுடைய கிணற்றையே அளந்த கட்டுரை கடைசியில் நிற்கிறது.

சரி, புதியவற்றுக்குச் சலுகை கொடுப்போம். பழையவை வயதுக்கேற்பக் குறையட்டும். மறுஆய்வை 0.7-ஆலும், புதிய கட்டுரையை 0.95-ஆலும், 1986 குறிப்பை 0.5-ஆலும் பெருக்கினால் முறையே 1.4, 1.71, 0.5. மேலே இருந்த இரண்டும் இடம் மாறிக்கொண்டன. மூன்றாவது அசையவில்லை, இன்னும் தாழ்ந்துவிட்டது. இதைத்தான் மனதில் வைக்கச் சொல்கிறேன். எடைகளை எப்படித் திருகினாலும் இடம் மாறுவது புகழுள்ளதும் புதியதும்தான்.

நிஜத்தில் முதலாவது போன்ற கட்டுரைகள் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பத்து என்றால் 1986 குறிப்பு முப்பதாவது பக்கத்தில் கிடக்கலாம். மூன்றாவது பக்கத்தைத் தாண்டிப் போன மாணவரை நான் பார்த்ததே அரிது. அதோடு, பல்லாயிரம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும் கூகுள் ஸ்காலர் முதல் 1000-ஐத்தான் பார்க்க விடும். ஆயிரத்தொன்றாவது இருக்கிறது, ஆனால் எட்டாது.

Since 2022 என்று போட்டுவிட்டால் புகழ் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

மறுஆய்வு போகும், சரி. ஆனால் 1986 குறிப்பும் சேர்ந்து போகும். நிலத்தடி நீரில் பழைய அளவீடுதான் பொன். இன்று கிணற்றில் மக்னீசியம் இவ்வளவு என்று நீங்கள் அளந்து சொல்லலாம். கூடியதா குறைந்ததா என்று சொல்ல முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய எண் வேண்டும். அதை யாராலும் இப்போது போய் அளக்க முடியாது.

இன்னொரு பொறி இருக்கிறது. Sort by date என்பதை அழுத்தினால் எல்லாக் கட்டுரைகளும் தேதி வாரியாக வரும் என்று நினைக்கிறார்கள். வராது. கடந்த ஓராண்டில் பட்டியலில் சேர்ந்தவை மட்டும்தான் தேதிப்படி வரும். ஒரு பையன் அதை அழுத்திவிட்டு, ஏற்காட்டுப் பாக்சைட் பற்றி இதுவரை மிகக் குறைவாகவே ஆய்வு நடந்திருக்கிறது என்று முன்னுரையில் எழுதிக்கொண்டு வந்தான். ஓராண்டுக் கணக்கை ஒரு நூற்றாண்டுக் கணக்காக எழுதிவிட்டான். நல்லவேளை, கைடிடம் போகும் முன்பே பார்த்தோம்.

ஆண்டு வடிகட்டியைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். Custom range என்பதில் 1900 முதல் 1969 வரை ஒரு தேடல், 1970 முதல் 1990 வரை ஒன்று, 1991 முதல் 2005 வரை ஒன்று என்று துண்டு போடுங்கள். அப்போது பழையது பழையதோடு மட்டும் போட்டி போடும். என் கணக்கில் 1980-களை மட்டும் எடுத்தால் மற்ற இரண்டும் இல்லை, அந்த நான்கு பக்கக் குறிப்புதான் முதலில் நிற்கும். 1000 என்ற வரம்பும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும்.

பெரிய ஜர்னலில் வந்ததை மட்டும் படித்தால் போதும் என்கிறார் என் கைடு. சரியா?

உங்கள் கைடு நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறார், அது புரிகிறது. போலி இதழ்கள் மலிந்த காலத்தில் ஒரு வேலி வேண்டும்தான். ஆனால் இதழின் பெயர், கட்டுரையின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது.

பெரிய இதழ் என்பதற்குக் காட்டும் எண்ணான இம்பேக்ட் ஃபேக்டர் எப்படி வருகிறது என்று பாருங்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். பத்துக் கட்டுரை வந்தது, ஒன்றுக்கு 60 மேற்கோள், மீதி ஒன்பதுக்கும் ஒன்றோ இரண்டோ என்று சேர்த்து 10 என்று வையுங்கள். சராசரி 7. அந்த ஒன்பதில் எதை எடுத்தாலும் அதற்கு ஏழு இல்லை, ஒன்றோ இரண்டோதான். ஆனாலும் இம்பேக்ட் ஃபேக்டர் 7 உள்ள இதழின் கட்டுரை என்ற பெருமை ஒன்பதுக்கும் உண்டு.

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு அன்றைய சேலம் மாவட்டத்துச் சித்தம்பூண்டியை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் மாதிரி செய்ய இஸ்ரோ அந்தப் பகுதிக் கல்லைத்தான் எடுத்தது. அந்தப் பாறையைப் பற்றி ஏ.பி. சுப்ரமணியம் 1956-ல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். பெரிய இதழ், உலகம் முழுக்கப் படித்தார்கள், இன்றும் தேடினால் கிடைக்கும். அதே காலத்தில் இதே மாவட்டப் பாறைகளை அளந்தவர்கள் துறை அறிக்கைகளிலும் உள்ளூர்க் கழக இதழ்களிலும் எழுதினார்கள். அவர்கள் உழைப்பு குறைந்ததல்ல. அந்த இதழ்கள் நூலக அலமாரியில் கட்டுப் போட்ட தொகுப்பாக இருக்கின்றன. ஸ்கேன் ஆகவில்லை என்றால் தேடுபொறிக்கு அவை இல்லவே இல்லை.

இந்த ஊர்க் கிணறு, இந்த ஊர்க் காப்பித் தோட்டம், இந்த மலைச் செடி என்று எழுதினால் பெரிய இதழ் பெரும்பாலும் எடுக்காது, உள்ளூர் விஷயம் என்று திருப்பி அனுப்பும். ஆக, நமக்கு மிகவும் வேண்டிய கட்டுரைகள் சிறிய இதழ்களுக்குத்தான் போகும். இதழை வைத்து வடிகட்டினால் சேலத்தைப் பற்றிய ஆய்வில் சேலம்தான் வெளியே நிற்கும்.

ஒரு பேப்பர் பட்டியலிலேயே இல்லையா, இல்லை அடியில் கிடக்கிறதா? எப்படித் தெரியும்?

இது சரியான கேள்வி. இரண்டுக்கும் மருந்து வேறு.

உங்கள் தலைப்பில் கட்டாயம் வர வேண்டிய ஒரு பழைய கட்டுரையை முதலில் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் சொன்னதோ, ஒரு பழைய ஆய்வேட்டின் நூற்பட்டியலில் பார்த்ததோ, எதுவானாலும் சரி. அதன் முழுத் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். வந்தால் பட்டியலில் இருக்கிறது. அடுத்து, உங்கள் வழக்கமான சொற்களைப் போட்டு அது எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். எண்பதாவது இடத்தில் இருந்தால், அதைப் போன்ற மற்றவையும் அந்த ஆழத்தில்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். நூறு வரை படிக்க வேண்டும் என்று அளவு கிடைத்துவிட்டது.

தலைப்பைக் கொடுத்தும் வரவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். இணையத்தில் ஏறாதது ஒன்று. ஸ்கேன் செய்தது வெறும் படமாக இருப்பது இன்னொன்று, எழுத்தாக மாற்றாவிட்டால் எந்திரம் படிக்காது. மூன்றாவது, [CITATION] என்ற முன்னொட்டோடு மட்டும் இருப்பது. அதாவது கட்டுரை கிடைக்கவில்லை, யாரோ மேற்கோள் காட்டியதிலிருந்து பெயர் மட்டும் தெரிந்திருக்கிறது. இடப்பக்கம் include citations என்ற குறியை எடுத்துவிட்டால் இவையெல்லாம் மறைந்துவிடும். நம் ஊர்ப் பழைய ஆய்வுகளைத் தேடும்போது அந்தக் குறியை எடுக்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் எம்.ஃபில் ஆய்வேட்டில், இந்தக் கிணறுகளில் முன்பு யாரும் அளந்ததில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றே பக்கம் உள்ள ஒரு பழைய குறிப்பின் நகலை மேசையில் வைத்தார். அதில் கிணற்றின் பெயர், ஆழம், கடினத்தன்மை எல்லாம் பட்டியலாக இருந்தது. அதில் இரண்டு கிணறுகள் நானும் அளந்தவை. அந்த வரியை அடித்துவிட்டு, பழைய எண்களோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை சேர்த்தேன். அந்த அட்டவணைதான் என் ஆய்வேட்டிலேயே உருப்படியான பக்கம்.

என்ன வார்த்தை போட்டுத் தேடுவது? Salem groundwater என்று போட்டால் அமெரிக்கா வருகிறது.

ஆமாம், அமெரிக்காவில் மாசசூசெட்சிலும் ஆரிகனிலும் ஒவ்வொரு சேலம் உண்டு. அரபு நாட்டு ஆய்வாளர்களுக்கு சேலம் என்று பெயரும் இருக்கும். மேற்கோள் எடை அவர்கள் பக்கம் கூடுதல் என்பதால் நம் சேலம் பின்னால் தள்ளப்படுகிறது.

உடனே எல்லோரும் செய்வது Tamil Nadu என்று சேர்ப்பது. அதில்தான் பெரிய ஓட்டை. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் மெட்ராஸ் என்றுதான் இருக்கும். நீங்கள் ஒரு சொல் சேர்த்த கணத்தில் 1969-க்கு முந்தையவை பெரும்பாலும் போய்விட்டன. சுப்ரமணியத்தின் கட்டுரைத் தலைப்பையே பாருங்கள்:

```
Mineralogy and petrology of the Sittampundi complex,
Salem district, Madras State, India
```

இதில் நாமக்கல் இல்லை, தமிழ்நாடு இல்லை. சித்தம்பூண்டி இன்று நாமக்கல் மாவட்டம். நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது, தர்மபுரி 1965-ல் பிரிந்தது. எனவே நாமக்கல் அனார்த்தோசைட் என்று தேடுகிற இன்றைய மாணவருக்கு அடிப்படைக் கட்டுரை தப்பிப்போகலாம். மாறாக, பழைய கட்டுரையில் சேலம் மாவட்டம் என்று இருந்தால் அது இன்றைய தர்மபுரியாகவோ கிருஷ்ணகிரியாகவோ இருக்கலாம். ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலையின் பெயரும் அப்படித்தான். சேர்வராயன் மலையை வெள்ளைக்காரர்கள் பல விதமாக எழுதினார்கள், இன்று நாமும் பல விதமாக எழுதுகிறோம். ஒரே தேடலில் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள்:

```
intitle:yercaud OR intitle:shevaroy OR intitle:shevaroys OR intitle:servarayan OR intitle:shervarayan
```

தலைப்பில் மட்டும் தேடுவதால் முடிவுகள் குறையும், ஆனால் வருவது முழுக்க நம் மலைதான். இப்படிக் குறுகிய தேடலில் வரிசை பெரிய விஷயம் இல்லை. மொத்தமே சில பக்கங்கள் என்றால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். சேலத்துக்கு, -Oregon -Massachusetts என்று கழித்துப் பாருங்கள். அதைவிடக் கருப்பூர், கஞ்சமலை, செட்டிச்சாவடி என்று சிற்றூர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தனித்தனியாகப் போடுவது இன்னும் நல்லது.

ஆசிரியர் பெயரிலும் இந்தச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துதான். ஒரே முருகன் ஓர் இதழில் R. Murugan, இன்னொன்றில் Murugan R., மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக விரிந்து வேறு ஆளாகிவிடுவார். ஒரே கட்டுரைக்கு இரண்டு பதிவு உருவாகி, அதன் எட்டு மேற்கோள் ஐந்தும் மூன்றுமாகப் பிரியும். ஏற்கெனவே குறைந்த எண், இன்னும் கீழே போகும்.

ஷோத்கங்காவில் இருக்கிற தீசிஸ் ஏன் மேலே வருவதில்லை?

ஆய்வேடுகளை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு, அது ஒன்று. இன்னொன்று, ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேடு தலைப்புப் பக்கம் தனி, ஒவ்வோர் அத்தியாயமும் தனி என்று துண்டுக் கோப்புகளாக இருக்கும். கிணற்று அட்டவணை நான்காவது அத்தியாயக் கோப்பில் இருக்கும், ஊர்ப் பெயர் தலைப்புக் கோப்பில் இருக்கும். shodhganga.inflibnet.ac.in தளத்துக்கே போய் மாவட்டப் பெயரைத் தந்து தேடுங்கள். கிடைத்ததும் முதலில் கடைசிக் கோப்பைத் திறந்து நூற்பட்டியலைப் பாருங்கள். 1980-களில் எழுதியவர் நூலகத்தில் உட்கார்ந்து கையால் திரட்டிய பட்டியல் அது. எந்த வரிசைமுறையும் தொடாதது.

மேற்கோள் எண்ணை யாராவது ஏமாற்ற முடியுமா?

முடியும், செய்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இல்லாத ஒரு நபரின் பெயரில் 6 போலி ஆவணங்களை உருவாக்கித் தங்கள் தளத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் அதே 129 கட்டுரைகளை மேற்கோள் காட்டியது. கூகுள் ஸ்காலர் அவற்றை எடுத்துக்கொண்டு 774 மேற்கோள்களைக் கூட்டிவிட்டது. இதை வெளிப்படையாக எழுதிய பிறகு அவை நீக்கப்பட்டன. ஆயிரம் மேற்கோள் உள்ள கட்டுரையில் இப்படி ஆறு சேர்ந்தால் ஒன்றும் ஆகாது. மூன்று மேற்கோள் உள்ள நம் ஊர்க் கட்டுரைகளிடையே ஆறு சேர்ந்தால் வரிசையே மாறும். உங்கள் துறையில் ஒருவருடைய கட்டுரைகள் மட்டும் விநோதமாக மேலே நின்றால் Cited by-ஐத் திறந்து பாருங்கள். மேற்கோள் காட்டியவர் அவரேதானா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

வேறு தேடுபொறிக்கு மாறினால் சரியாகுமா?

மாறினால் போதாது, சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஓபன்அலெக்ஸ் 2022-ல் வந்தது, திறந்த தரவு. அதுவும் சொற்பொருத்தத்தோடு மேற்கோள் எண்ணுக்கு எடை சேர்த்துத்தான் வரிசைப்படுத்துகிறது, அதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே வரிசையைக் கவிழ்க்கலாம். கூகுள் ஸ்காலரில் மேற்கோள் எண்ணை வைத்து ஏறுவரிசையும் இல்லை, இறங்குவரிசையும் இல்லை.

```
https://api.openalex.org/works?filter=title.search:yercaud,publication_year:1950-1995&sort=cited_by_count
```

இது 1950 முதல் 1995 வரை தலைப்பில் ஏற்காடு உள்ளவற்றை, மேற்கோள் மிகக் குறைந்ததிலிருந்து அடுக்கும். பூச்சியம் மேற்கோள் உள்ளவை முதலில் வரும். அவற்றில் பதிவுப் பிழைகளும் இருக்கும், பொருளடக்கப் பக்கங்களும் இருக்கும். பொறுமையாகத் தள்ளிக்கொண்டே போங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. புகழ் பெற்ற பெரிய கட்டுரை ஒன்றின் Cited by-ஐத் திறந்து, Search within citing articles என்பதில் குறியிட்டு, Salem அல்லது Yercaud என்று தேடுங்கள். ஆயிரம் பேர் மேற்கோள் காட்டியதில் நம் ஊரில் வேலை செய்த நாலு பேர் தனியாக வந்து நிற்பார்கள். மேலே கூட்டம் சேர்த்த அதே எண்ணைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்குகிறோம்.

இவ்வளவு தேடியதை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

முன்பு யாரும் செய்யவில்லை என்று எழுதாதீர்கள். எங்கே, எந்தச் சொல்லால், எந்தத் தேதியில், எந்த வரிசையில், எத்தனை முடிவு வரை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கருப்பூர்ப் பெண்ணின் நோட்டில் நாங்கள் சேர்ந்து எழுதிய வரி இது: கூகுள் ஸ்காலரில் நான்கு காலத் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் முதல் 100 முடிவுகளின் தலைப்புகள் பார்க்கப்பட்டன, மலைப் பெயரின் ஐந்து எழுத்துமுறைகளும் சேலம், மெட்ராஸ் ஆகிய பெயர்களும் இடப்பட்டன, ஷோத்கங்காவில் மூன்று ஆய்வேடுகளின் நூற்பட்டியல்கள் கையால் சரிபார்க்கப்பட்டன, அச்சில் மட்டும் உள்ள இதழ்கள் இன்னும் பார்க்கப்படவில்லை. கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை நூலகத்தில் கட்டுப் போட்ட தொகுப்புகளைப் பார்க்கப் போனாள்.